வாலில் வால் இல்லை: நேர்ப்பொருள் தராத ஒரு பாட்டுக் குறிப்பு அவிழ்ந்த விதம்

பின்னணி

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்ககம். பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் அங்கே வினாடி வினா நடக்கும். அதில் ஒரு சுற்று முழுக்கப் பழைய, புதிய திரைப்பாடல்கள். வழக்கமாக இசைத் துணுக்கைப் போட்டுப் பாட்டைக் கேட்பார்கள். இந்த முறை கேள்வி தயாரித்தவர் குறுக்கெழுத்துப் பிரியர். இசையை விட்டுவிட்டு, பாட்டின் தொடக்கச் சொற்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, சொல்விளையாட்டுக் குறிப்புகளாக எழுதியிருந்தார்.

பழகியவர்களுக்குத் தெரியும்: புதிர்க் குறுக்கெழுத்தில் ஒரு குறிப்புக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது அந்த விடையின் எழுத்துகளைக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. ஒன்றில் வழுக்கினாலும் மற்றதைப் பிடித்து ஏறிவிடலாம். இந்தச் சுற்றில் நேர்ப்பொருள் என்ற பாதியே கிடையாது. ‘விடை ஒரு தமிழ்த் திரைப்பாடலின் தொடக்கம்’ என்பது மட்டும் எல்லாக் குறிப்புகளுக்கும் பொது. படம், நடிகர், பாடகர், பாட்டின் கருத்து எதுவும் சொல்லப்படாது.

ஒரு குறிப்புக்கு மூன்று நிமிடம். சரியான விடைக்குப் பத்து மதிப்பெண். உதவி கேட்டால் படம் வெளியான ஆண்டைச் சொல்வார்கள். பிறகு சரியாகச் சொன்னாலும் ஐந்துதான். தவறான விடைக்கு ஐந்து குறையும். ஒவ்வொரு மேசையிலும் நேரம் பார்க்கவும் பேச்சைக் குறித்துக்கொள்ளவும் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். கீழே வருவது நான் உட்கார்ந்த மேசையில் நடந்தது.

அணியில் மூவர்: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வங்கியில் வேலை பார்க்கும் நடுவயதுப் பெண், பொறியியல் படிக்கும் இளைஞர். முதலிடத்தில் இருந்த அணியைவிட இவர்கள் ஐந்து மதிப்பெண் பின்தங்கியிருந்தார்கள். உதவி கேட்டு ஐந்து வாங்கினால் சமன்தான் ஆகும், முந்த முடியாது. அதனால் உதவி வேண்டாம் என்று குறிப்பு வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள்.

குறிப்பு

திரையில் தோன்றியது இவ்வளவுதான்:

முன்னுரையில் மெய் இல்லை, காய்ச்சல் மூலிகையில் கடைசி இரண்டும் இல்லை, வாலில் வால் இல்லை (4,3,1)

அடைப்புக்குள் இருக்கும் எண்கள் ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை எழுத்து என்பதைச் சொல்கின்றன. குறுக்கெழுத்து வழக்கப்படி உயிர்மெய் ஒன்று, உயிர் ஒன்று, புள்ளி வைத்த மெய்யும் ஒன்று. ‘பாட்டு’ என்றால் பா, ட், டு என மூன்று.

முதல் நிமிடம்

இளைஞர் உடனே பொருளுக்குப் பாய்ந்தார். “மெய் இல்லேன்னா பொய். ‘பொய் சொல்லக் கூடாது காதலி’.” 2002இல் வந்த ‘ரன்’ படப் பாட்டு. நேர்ப்பொருள் இல்லாத குறிப்பில் எல்லாருக்கும் வரும் முதல் சறுக்கல் இதுதான். குறிப்பை ஒரு வாக்கியமாகப் படித்து, அது என்ன சொல்ல வருகிறது என்று தேடுகிறோம். அந்த வாக்கியத்தின் பொருள் வெறும் மேற்பூச்சு. உண்மையில்லாத முன்னுரை, வாலில்லாத வால் என்று கேட்க வேடிக்கையாக இருக்கும்; விடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘பொய்’ இரண்டு எழுத்து, முதல் சொல்லுக்கோ நான்கு வேண்டும். வங்கிக்காரர் எண்களைக் காட்டியதும் அந்தப் பாட்டு கைவிடப்பட்டது.

அவர் சொன்ன அடுத்த யோசனைதான் அன்றைக்கு வழி திறந்தது. “முன்னாடியிலிருந்து வேணாம். கடைசிச் சொல் ஒத்தை எழுத்து. அங்கேருந்து வருவோம்.”

காரணம் இருக்கிறது. தமிழில் தனியே ஒரு சொல்லாக நிற்கும் ஓரெழுத்துகள் கொஞ்சம்தான். அவற்றிலும் பாட்டின் தொடக்கத்தில் மூன்றாம் சொல்லாக வரக்கூடியவை வா, போ, தா, நீ, பூ போன்ற சில. நேர்ப்பொருள் இல்லாத இடத்தில் அந்த வேலையை எழுத்து எண்ணிக்கை ஓரளவு செய்துவிடும். சொல் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்கு அது உதவும்.

‘வாலில் வால் இல்லை’. வால் என்ற சொல்லுக்கு வா, ல் என இரண்டு எழுத்து. அதன் வால், அதாவது கடைசி எழுத்து, ல். அது போனால் வா. ‘தோகையா இருந்தா?’ என்று இளைஞர் கேட்டார். தோகைக்கும் வால் என்ற பொருள் உண்டு. தோ, கை என்று பிரித்துக் கடைசியை எடுத்தால் ‘தோ’ மிஞ்சும். பாட்டில் தனியே நிற்க அது ஒப்பவில்லை. ‘வா’ என்று தாளில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்கள். உறுதியாகாததைக் கேள்விக்குறியோடு எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் பின்னால் ‘அதிகம்’ வந்தபோது உதவியது.

மூலிகை

நடுச்சொல்லில் விட்டுப்போனவை இரண்டு, மிஞ்சியவை மூன்று. ஆக மூலிகையின் பெயர் ஐந்தெழுத்து. துளசி மூன்று, நொச்சி மூன்று, தூதுவளை நான்கு, ஆடாதொடை நான்கு, கற்பூரவல்லி ஏழு. எதுவும் பொருந்தவில்லை. டெங்கு பரவிய காலத்தில் அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நின்று குடித்த கசப்பு யாருக்கும் மறந்திருக்காது. “நிலவேம்பு” என்று மூவர் வாயிலும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. நி, ல, வே, ம், பு. கடைசி இரண்டும் போனால் நிலவே.

‘நிலவே வா’ என்று தாளில் வந்ததும் மேசை சூடு பிடித்தது. “‘நிலாவே வா’! ‘மௌன ராகம்’!” என்றார் இளைஞர். விடைத்தாளில் எழுதக் கை போய்விட்டது. ஆசிரியை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அங்கே லா நெடில். இங்கே குறில்தான் கிடைச்சிருக்கு. அதோட முன்னாடி நாலெழுத்து காலியா நிக்குதே.”

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்ட நிலையில் தெரிந்த பாட்டு ஒன்று மனத்தில் ஒலிக்கத் தொடங்கினால், மிச்சத்தை அதற்குத் தகுந்தபடி வளைக்கத் தோன்றும். நேர்ப்பொருள் தந்திருந்தால் அது ஒரு கடிவாளமாக இருந்திருக்கும். இங்கே கடிவாளம் எழுத்துகள் மட்டுமே. குறில் நெடிலாவதை ‘ஏதோ கொஞ்சம் மாறுது’ என்று விட்டுக்கொடுத்தால் பிடிமானம் எதுவுமே மிஞ்சாது. பக்கத்து மேசையில் இப்படித்தான் ‘நிலாவே வா’ எழுதி ஐந்து மதிப்பெண் இழந்தார்கள்.

முன்னுரை

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நேரம் இருந்தது. முதல் பகுதியை ஆசிரியை தன் கையில் எடுத்துக்கொண்டார். நன்னூல் பாயிரத்தின் முதல் நூற்பா முன்னுரைக்கு உரிய பெயர்களை வரிசையாகத் தருகிறது: முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம். பள்ளியில் எத்தனையோ ஆண்டு சொல்லிக்கொடுத்தது. மூச்சு விடாமல் வந்தது. கேள்வி, இவற்றில் எது, எந்த ‘மெய்’ இல்லாமல் போனது என்பதுதான்.

‘மெய் இல்லை’ என்பதை இரண்டு விதமாக எடுக்கலாம். புள்ளி எழுத்து ஒன்று முழுதாகப் போய்விடுவது ஒன்று. அப்போது எழுத்து எண்ணிக்கை ஒன்று குறையும். உயிர்மெய்யிலிருந்து மெய் மட்டும் கழன்று உயிர் மிஞ்சுவது மற்றொன்று. அப்போது எண்ணிக்கை மாறாது. ஆசிரியை முதல் வழியை முதலில் பார்த்தார். விடை நான்கெழுத்து என்பதால் ஐந்தெழுத்துப் பெயர் வேண்டும். அணிந்துரையில் ந் போனால் அணிதுரை. நூன்முகத்தில் ன் போனால் நூமுகம், ம் போனால் நூன்முக. புனைந்துரையில் ந் போனால் புனைதுரை. எதுவும் சொல்லாகவில்லை. அந்த வழியை மூடிவிட்டார்.

இரண்டாம் வழிக்கு நான்கெழுத்துப் பெயர்கள் வேண்டும். முகவுரையில் முதல் மெய் கழன்றால் உகவுரை; பொருளில்லை. அடுத்தது பதிகம். ப் கழன்றால் அதிகம்.

‘அதிகம்’ நல்ல தமிழ்ச்சொல், நான்கெழுத்து, குறிப்போடு பழுதில்லாமல் பொருந்துகிறது. வேறு குறிப்பாக இருந்திருந்தால் இதோடு நிறுத்தியிருப்பார்கள். இளைஞர் கேட்டார்: “‘அதிகம் நிலவே வா’ன்னு பாட்டு இருக்கா டீச்சர்?” ஆசிரியைக்கும் தெரியவில்லை, வங்கிக்காரருக்கும் தெரியவில்லை. சொற்களே ஒட்டவில்லை என்றார் ஆசிரியை. ‘நிலவே’ விளி, ‘வா’ ஏவல். விளிக்கு முன்னால் வருவது நிலவுக்கு அடைமொழியாக நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘அதிகம்’ அப்படி நிற்காது. கேள்விக்குறி போட்டு, பட்டியலில் மேலே போனார்கள்.

புறவுரை, உறவுரை ஆனது. தந்துரை, அந்துரை ஆனது. கடைசியில் பாயிரம். பாவில் ப் கழன்றால் ஆ. ஆயிரம்.

அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. வங்கிக்காரர் மெட்டையே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். ‘ஆயிரம் நிலவே வா’. 1969இல் வந்த ‘அடிமைப் பெண்’ படப் பாட்டு. எழுதியவர் புலமைப்பித்தன், இசை கே.வி. மகாதேவன், பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் பி. சுசீலாவும். எழுதும் முன் ஆசிரியை விரல்விட்டு எண்ணினார்: ஆ, யி, ர, ம், நான்கு, நி, ல, வே, மூன்று, வா, ஒன்று. விடைத்தாள் போனபோது கடிகாரத்தில் சில விநாடிகள் மிச்சமிருந்தன.

மற்ற மேசைகளில்

விளக்கம் சொல்லும் நேரத்தில் பிற அணிகளின் தாள்களையும் படித்தார்கள்.

ஓர் அணி ‘ஓராயிரம் நிலவே வா’ என்று எழுதியிருந்தது. அந்தச் சொற்கள் பாட்டில் அடுத்தாற்போல வருகின்றன. ஆனால் ஓராயிரம் ஐந்தெழுத்து. மதிப்பெண் இல்லை.

இன்னொரு அணியின் தாளில் ‘நில’ என்று மட்டும் எழுதி அடித்திருந்தார்கள். அந்த அணியில் இருந்த பெரியவர் மரபுக் கவிதை எழுதுபவர். கட்டளைக் கலித்துறையில் அடிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணும்போது ஒற்றெழுத்தை விட்டுவிடுவது மரபு. அதே கையோடு நிலவேம்பையும் எண்ணியிருக்கிறார்: நி, ல, வே, பு. கடைசி இரண்டும் போனால் நில. மூன்றெழுத்து கிடைக்கவில்லை என்று மூலிகையையே மாற்றித் தேடப் போய்விட்டார்கள். மூலிகையைச் சரியாகப் பிடித்த பிறகும் எண்ணும் முறை வேறாக இருந்ததால் தோற்ற அணி அது. எனக்கு அதுதான் அன்றைய இழப்புகளிலேயே வருத்தம் தந்தது. விதித்தாளில் எழுத்தை எப்படி எண்ண வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

முதலிடத்தில் இருந்த அணி உதவி கேட்டது. ‘1969’ என்றதும், நிலவையும் வா-வையும் வைத்துப் பாட்டைப் பிடித்துவிட்டார்கள். முதல் பகுதி எப்படி வந்தது என்று கேட்டபோது அவர்களிடம் விளக்கம் இல்லை. ஐந்து கிடைத்தது.

முறையீடு

‘நிலாவே வா’ எழுதி இழந்த அணி ஒரு முறையீடு வைத்தது, அது வலுவானது. ‘மெய் இல்லை’ என்றால் ஒரு மெய்யும் இருக்கக் கூடாது என்றுதானே பொருள்? ஆயிரத்தில் யகர மெய் இருக்கிறது, ரகர மெய் இருக்கிறது, கடைசியில் ம் புள்ளியோடே நிற்கிறது. போனது பகரம் ஒன்றுதான். அப்படியானால் குறிப்பு சொல்வதும் விடை செய்வதும் வேறு வேறு.

கேள்வி தயாரித்தவர் மறுக்கவில்லை. ‘முன்னுரையில் மெய் இல்லை’ என்ற தொடர் காதுக்கு நன்றாக இருந்ததால் அதை விடாமல் பிடித்துக்கொண்டதாகச் சொன்னார். ஆசிரியையிடம் கருத்துக் கேட்டார்கள். போட்டியாளரிடமே தீர்ப்புக் கேட்பது முறையா என்ற முணுமுணுப்பு எழுந்தாலும், மண்டபத்தில் இலக்கணம் தெரிந்தவர் அவரே. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி வேறு பொருள் வரச் செய்வது தமிழில் பழைய விளையாட்டு. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில் அக்கரச்சுதகம் அதுதான் என்றார் அவர். ஆனால் அங்கே நீங்குவது முழு எழுத்து. உயிர்மெய்யைப் பிளந்து மெய்யை மட்டும் எடுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படிச் செய்வதானால் எந்த இடத்தில் பிளக்கிறோம் என்று குறிப்பிலேயே சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. தன் அணிக்கு எதிராகப் போகக்கூடியதைத்தான் சொன்னார்.

நடுவர்கள் இரண்டாகப் பிரித்து முடிவெடுத்தார்கள். மூன்று பகுதியும் சேர்ந்து தருவது ஒரே பாட்டைத்தான். ஆகவே விடை செல்லும், பத்து மதிப்பெண்ணும் நிற்கும். முதல் பகுதி தளர்வாக எழுதப்பட்டதால் இந்தக் குறிப்புக்கு மட்டும் தவறான விடைக்கான கழிவு ரத்து. இதன்படி இரு அணிகளும் சமநிலைக்கு வந்தன; உதவிக்கு ஐந்து வாங்கிய அணியும் அதே ஐந்தால் மேலே போயிருந்ததால் இவர்களால் முந்த முடியவில்லை. பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இடையில் வங்கிக்காரர் ஒன்று கேட்டார். இந்தப் பாட்டின் பதிவுக்கு முன் எஸ்.பி.பி. டைபாய்டு காய்ச்சலில் படுத்ததும், அவர் குணமாகி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதை. “அதுக்காகத்தானே சார் காய்ச்சல்னு போட்டீங்க?” இல்லை, அது தற்செயல் என்றார் கேள்வி தயாரித்தவர். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. இத்தகைய குறிப்புகளில் விடை தெரிந்த பிறகு எதுவும் அடையாளமாகத் தெரியும்; தெரிவதற்கு முன் அதைத் துப்பாக நினைத்துத் தேடியிருந்தால் மூன்று நிமிடமும் அதிலேயே போயிருக்கும்.

மாற்றப்பட்டவை

விழா முடிந்தபின் விதித்தாள் திருத்தப்பட்டது. புள்ளி எழுத்தும் ஓர் எழுத்து என்பது எடுத்துக்காட்டோடு முதல் வரியாகச் சேர்ந்தது. உதவியாக ஆண்டைச் சொல்வது நிறுத்தப்பட்டது. ஆண்டு தெரிந்தால் சொல்விளையாட்டைத் தொடாமலே பாட்டை ஊகித்துவிடலாம் என்பதை முதலிட அணியே காட்டிவிட்டது. அதற்குப் பதில், குறிப்பின் ஏதேனும் ஒரு பகுதியின் மூலச்சொல்லைச் சொல்வார்கள். இங்கே என்றால் ‘பாயிரம்’ என்றோ ‘நிலவேம்பு’ என்றோ. விடையோடு, அது எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதினால்தான் முழு மதிப்பெண் என்றும் சேர்த்தார்கள்.

குறிப்பும் தொகுப்பில் திருத்தி வைக்கப்பட்டிருக்கிறது: ‘முன்னுரை முகப்பில் மெய் இல்லை, காய்ச்சல் மூலிகையில் கடைசி இரண்டும் இல்லை, வாலில் வால் இல்லை’. முகப்பு என்றதும் பிளக்க வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது, ம் நிற்பதற்கும் தடையில்லை. பதிகம் அதிகமாவதை இந்தத் திருத்தமும் தடுக்காது. அதை அடைக்க ஆசிரியையும் கேள்வி தயாரித்தவரும் சில மாற்றங்கள் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் பாயிரத்தைப் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. அதனால் அந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள்.